டீசல் டேங்கின் கொள்ளளவு: மகன் கணக்கும் பெயின்டர் கணக்கும்

கேள்வி: கோத்தகிரி அருகே எங்கள் சிறு தேயிலைத் தொழிற்சாலையின் ஜெனரேட்டருக்காகப் பழைய டேங்க் ஒன்றை வாங்கிப் படுக்கை வாட்டில் வைத்திருக்கிறோம். நடுவில் உருளை, இரண்டு முனையும் அரைக்கோளம். முனைக்கு முனை 3.20 மீட்டர், சுற்றளவு 3.77 மீட்டர், தகடு 5 மில்லிமீட்டர். பத்தாம் வகுப்பு முடித்த என் மகன் 4,524 லிட்டர் பிடிக்கும், 179 சதுர அடிக்குப் பெயின்ட் வேண்டும் என்கிறான். பெயின்டர் சுற்றளவை நீளத்தால் பெருக்கி 130 சதுர அடிதான் என்கிறார். யார் கணக்கு சரி? குச்சி விட்டுப் பார்த்து உள்ளே எத்தனை லிட்டர் என்று எப்படிச் சொல்வது?

பதில்:

பெயின்டரின் கணக்கு சரி. உங்கள் மகன் எடுத்துக்கொண்ட சூத்திரத்திலும் பிழையில்லை. அதற்குள் போட்ட நீளம்தான் தவறு. நீங்கள் தந்த அளவுகளின்படி டேங்க் ஏறத்தாழ 3,107 லிட்டர் கொள்ளும். வெளிப்புறப் பரப்பு 12.06 சதுர மீட்டர், அதாவது 130 சதுர அடி. குச்சிக் கணக்கு சற்று நீளமானது என்பதால் அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு டேங்கும் புகைபோக்கியும் செய்து கொடுக்கும் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். இந்தத் தவறு படித்தவர், படிக்காதவர் என்று பார்க்காமல் எல்லாரிடமும் வருவதைக் கண்டிருக்கிறேன். காரணம் எளிது. பள்ளிப் பாடத்தில் இணைந்த உருவங்களின் கணக்கில் உருளையின் உயரம் பெரும்பாலும் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஆனால் தரையில் கிடக்கும் டேங்கில் கைக்கு எட்டுவது முனைக்கு முனை உள்ள மொத்த நீளம் மட்டுமே. அந்த நீளத்துக்குள் இரண்டு அரைக்கோளங்களும் அடக்கம் என்பதை மறந்து, அதையே உருளையின் நீளமாக வைத்துவிடுகிறோம்; பிறகு அரைக்கோளங்களை இன்னொரு முறை சேர்க்கிறோம்.

உங்கள் டேங்கிலேயே பார்க்கலாம். சுற்றளவு 3.77 மீட்டரை 3.1416 ஆல் வகுத்தால் விட்டம் 1.20 மீட்டர், ஆரம் 0.60 மீட்டர். ஒவ்வொரு அரைக்கோளமும் டேங்கின் அச்சு வழியே தன் ஆரத்தின் அளவுக்கு, அதாவது 0.60 மீட்டர் வெளியே நீள்கிறது. இரண்டு முனைக்கும் சேர்த்து 1.20 மீட்டர் போனால் உருளைப் பகுதிக்கு மிஞ்சுவது 2.00 மீட்டர். கன அளவும் புறப்பரப்பும் இப்படி வரும்:

```
V = πr²h + (4/3)πr³
  = 3.1416 × 0.36 × 2.00 + 4.1888 × 0.216
  = 2.262 + 0.905 = 3.167

S = 2πrh + 4πr²
  = 7.540 + 4.524 = 12.06
```

ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். ஆகவே வெளி அளவை வைத்துக் கணக்கிட்டால் 3,167 லிட்டர். உங்கள் மகன் 2.00 வர வேண்டிய இடத்தில் 3.20 போட்டிருக்கிறார். அதனால் அவருக்கு 1,357 லிட்டர் கூடுதலாக வந்தது. அது 1.20 மீட்டர் விட்டமும் 1.20 மீட்டர் நீளமும் கொண்ட, இல்லாத ஓர் உருளையின் கன அளவு. புறப்பரப்பிலும் அதே இல்லாத உருளைதான் 4.52 சதுர மீட்டரைச் சேர்த்து 179 சதுர அடியாக்கியது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெயின்டர் ஏன் சரி என்பதற்கும் அதுவே விடை. மேலே உள்ள புறப்பரப்புச் சூத்திரத்தில் 2πr என்பதைப் பொதுவாக வெளியே எடுத்தால் அடைப்புக்குள் நிற்பது h + 2r, அதாவது முனைக்கு முனை உள்ள மொத்த நீளம். சுற்றளவை மொத்த நீளத்தால் பெருக்கினால் போதும்; அரைக்கோளங்களுக்குத் தனிக் கணக்கே வேண்டாம். 3.77 × 3.20 = 12.06. முனைகள் உருண்டையாகக் குறுகிப் போகின்றனவே, அங்கேயும் முழுச் சுற்றளவை வைத்துப் பெருக்குவது எப்படிச் சரியாகும் என்று கேட்கத் தோன்றும். இந்தச் சந்தேகம் எனக்கும் பல நாள் இருந்தது. சாக்பீஸால் அரைக்கோளத்தின் மேல் வளையங்கள் வரைந்து அளந்து பார்த்த பிறகே தீர்ந்தது.

உருளையும் அரைக்கோளமும் சேரும் வெல்டிங் தடத்திலிருந்து அச்சு வழியே 30 சென்டிமீட்டர் தள்ளி, 1 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வில்லையை மனத்தில் நறுக்கிப் பாருங்கள். அந்த இடத்தில் ஆரம் 60 அல்ல, 51.96 சென்டிமீட்டர், சுற்றளவு 377 இலிருந்து 326.5 ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் அங்கே தகடு சாய்ந்து நிற்கிறது. அச்சு வழியே 1 சென்டிமீட்டர் நகர, தகட்டின் மேல் 1.155 சென்டிமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது. 326.5 ஐ 1.155 ஆல் பெருக்கினால் மறுபடியும் 377 தான். முனையை நோக்கிப் போகப் போகச் சுற்றளவு எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் சாய்வு கூடுகிறது; ஒன்று இழந்ததை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது. கோளத்தின் எந்த வில்லையை எடுத்தாலும் இப்படியே அமையும். ஆகவே கோளத்தின் பரப்பு அதைக் கச்சிதமாக அடக்கும் உருளையின் வளைபரப்புக்குச் சமம்.

இதைக் கண்டறிந்தவர் ஆர்க்கிமிடீஸ். உருளைக்குள் அடங்கிய கோளத்தின் உருவத்தைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதும், கி.மு. 75 இல் சிசிலித் தீவில் அதிகாரியாக இருந்த ரோமானியரான சிசெரோ, முட்புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையை அந்த உருவத்தை அடையாளமாகக் கொண்டே தேடிக் கண்டுபிடித்ததாக எழுதியிருப்பதும் பலர் அறிந்த செய்தி. உங்கள் பெயின்டர் ஆர்க்கிமிடீஸைக் கேள்விப்படாமல் இருக்கலாம். ஆனால் எத்தனையோ டேங்குகளுக்கு அடித்து, எவ்வளவு பெயின்ட் செலவானது என்று பார்த்தே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

கன அளவுக்கு அதே குறுக்குவழி செல்லாது. கோளத்தின் கன அளவு அதை அடக்கும் உருளையின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே என்பதும் ஆர்க்கிமிடீஸின் முடிவுதான். ஆகவே மொத்த நீளத்துக்கும் உருளை என்று வைத்துக்கொண்டால் முனைகளில் விட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு உரிய கன அளவு அதிகமாகிவிடும். அதைக் கழித்துவிட்டால் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். உங்கள் டேங்கில் விட்டம் 1.20, அதில் மூன்றில் ஒரு பங்கு 0.40, மொத்த நீளம் 3.20 இல் அதைக் கழித்தால் 2.80. வட்டப் பரப்பு 1.131 ஐ 2.80 ஆல் பெருக்கினால் 3.167 கன மீட்டர். மொத்த நீளத்தை மட்டும் அளக்க முடிகிற இடத்தில் நான் எப்போதும் இப்படித்தான் போடுவேன்: பரப்புக்கு முழு நீளம், கன அளவுக்கு விட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு குறைந்த நீளம். உங்கள் மகனிடம் இதைச் சூத்திரத்திலிருந்து தருவித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

இனி 3,167 எப்படி 3,107 ஆனது என்பது. சுற்றளவை வெளியே அளந்தீர்கள். டீசல் இருப்பதோ உள்ளே. தகடு 5 மில்லிமீட்டர் என்றால் உள் ஆரம் 0.595 மீட்டர், உள்ளே முனைக்கு முனை 3.19 மீட்டர், உருளையின் நீளம் மட்டும் மாறாமல் 2.00 மீட்டராகவே இருக்கும். மேலே சொன்ன ஒரு வரிக் கணக்கில் இவற்றைப் போட்டால் 3.107 கன மீட்டர் வரும். இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. புறப்பரப்பு 12.06 சதுர மீட்டரை 0.005 மீட்டரால் பெருக்கினால் தகட்டின் கன அளவு 0.060 கன மீட்டர். கழிந்த 60 லிட்டர் அதுதான். இரும்பு கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதால் காலி டேங்கின் ஓடு மட்டும் 470 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். கிரேன் வைத்துத் தூக்க வேண்டி வந்தால் இந்த எண் உதவும்.

கொள்ளளவு தெரிந்துவிட்டதால் சட்டம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1934 ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி டீசல் ‘பி’ வகுப்பில் வருகிறது. மொத்த இருப்பு 2,500 லிட்டருக்கு மேல் போகாமலும், எந்த ஒரு கலமும் 1,000 லிட்டருக்கு மேற்படாமலும் இருந்தால்தான் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். உங்கள் டேங்க் இரண்டு வரம்பையும் தாண்டுகிறது.

இவ்வளவும் நீங்கள் தந்த இரண்டு அளவுகள் சரியாக இருந்தால்தான் பொருந்தும். சுற்றளவில் தவறு நேர்வது அரிது. நீளத்தில் எளிதாக நேரும். டேப்பை ஒரு முனையின் நுனியில் பிடித்து, டேங்கின் முதுகின் மேலாக வளைத்து மறு நுனிக்குக் கொண்டுபோய் அளப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி அளந்தால் இதே டேங்கில் 3.20 க்குப் பதில் 3.885 மீட்டர் வரும்; ஏனென்றால் இரு முனைகளிலும் டேப் சேர்ந்து அரை வட்டம் ஒன்றைச் சுற்றி வருகிறது. நீங்கள் சொன்ன 3.20 அப்படி வளைத்து அளந்ததாக இருந்தால், உருளைப் பகுதி வெறும் 1.315 மீட்டர்தான், கொள்ளளவு வெளி அளவிலேயே 2,392 லிட்டராகக் குறைந்துவிடும். ஆகவே இரண்டு நுனிகளிலிருந்தும் தூக்குக் குண்டு விட்டு, தரையில் இரண்டு புள்ளிகள் குறித்து, அவற்றுக்கு இடையே அளந்து பாருங்கள். மலைச்சரிவில் வெட்டிய மேடையில் தரை சமமாக இராது. டேப்பை மட்டமாகப் பிடிக்க வேண்டும்.

தூக்குக் குண்டு கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: முனைகள் உண்மையிலேயே அரைக்கோளங்கள்தாமா? சாதாரண டீசல் டேங்குகளுக்குத் தட்டையான முனையோ, குழிந்த தட்டுப் போல ஆழம் குறைந்த முனையோதான் வைப்பார்கள். அரைக்கோளம் செய்வது கடினம், செலவும் கூடுதல். உள்ளே அழுத்தம் இருக்கும் கலங்களுக்கே அது பொருந்தும். ஒரே அழுத்தத்தில், ஒரே ஆரமும் கனமும் உள்ள கோளத் தகட்டில் ஏறும் இழுவிசை, உருளையில் ஏறும் பெரும இழுவிசையில் பாதிதான். எனவே உங்கள் டேங்க் முன்பு எரிவாயுவோ காற்றோ அடைக்கப் பயன்பட்டதாக இருக்கலாம். எரிவாயு இருந்த கலமானால் அதன் மேல் வெல்டிங் வைப்பதற்கு முன் உள்ளே வாயு எதுவும் மிஞ்சவில்லை என்று தகுந்தவரைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கண்ணால் பார்த்தால் ஆழம் குறைந்த முனையும் அரைக்கோளம் போலவே தோன்றும். பெயின்ட் பூசிவிட்டால் கேட்கவே வேண்டாம். வெல்டிங் தடத்துக்கு நேராக ஒரு தூக்குக் குண்டும் நுனிக்கு நேராக ஒன்றும் விட்டு, தரையில் இடைவெளியை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். 60 சென்டிமீட்டர் இருந்தால் அரைக்கோளம். முனைத் தட்டுகளில் பெரும்பாலும் வெல்டிங்குக்கு முன் சிறிது நேர்விளிம்பு விட்டிருப்பார்கள் என்பதால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக வந்தால் கவலை வேண்டாம். அந்த விளிம்பும் உருளையைச் சேர்ந்ததுதான். ஆனால் 30 சென்டிமீட்டர் அளவில் வந்தால் அது நீள்வட்ட முனை. மொத்த நீளம் அதே 3.20 ஆக இருக்க, உருளை 2.60 மீட்டராகி, வெளி அளவில் 3,393 லிட்டர் வரும். அரைக்கோளக் கணக்கைவிட 226 லிட்டர் அதிகம். பெயின்டரின் குறுக்குவழியும் அங்கே துல்லியமாகப் பொருந்தாது.

பெயின்ட்டைப் பொறுத்தவரை நான் கூட்டுவதற்கு அதிகமில்லை. 130 சதுர அடியில் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் பகுதி கழியும். மேன்ஹோல் கழுத்தும் குழாய்களும் கூடும். இரண்டும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. உருளையின் இரு முனையிலும் உள்ள வட்டப் பரப்பைச் சிலர் சேர்ப்பார்கள்; அங்கே தகடே கிடையாது, வெறும் வெளி. டப்பாவில் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால் ஒரு பூச்சுக்கு 1.2 லிட்டர் வேண்டும். பிரஷ்ஷிலும் டப்பாவிலும் வீணாவதையும் சேர்த்து ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பதினொரு மணிக்கு முன் டேங்கின் வயிற்றுப் பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள்; பனி இறங்கிய இரவுக்குப் பின் மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் நிற்கும்.

இப்போது குச்சிக்கு வருவோம். அதிக நஷ்டமும் மனக்கசப்பும் வருவது இங்கேதான். குச்சியின் முழு உயரம் 119 சென்டிமீட்டர், டேங்க் 3,107 லிட்டர், எனவே சென்டிமீட்டருக்கு 26 லிட்டர் என்று வகுத்து ஒரு அட்டவணை போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். நிமிர்ந்து நிற்கும் உருளைக்கு அது சரி. படுத்திருக்கும் டேங்கில் டீசலின் மேற்பரப்பு அடியில் குறுகலாகவும் நடுவில் அகலமாகவும் இருப்பதால், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் வெவ்வேறு அளவு.

சரியான கணக்கைப் போட அரைக்கோள முனை ஒரு வசதி செய்து தருகிறது. இரண்டு முனைகளையும் நடுவிலிருக்கும் உருளையை எடுத்துவிட்டு ஒட்ட வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுக் கோளம் கிடைக்கும். இரண்டிலும் டீசல் ஒரே உயரத்தில் நிற்பதால், அந்தக் கோளத்தின் அடியில் அதே உயரத்துக்கு நிற்கும் கிண்ணம் போன்ற பகுதிதான் முனைகளில் உள்ள மொத்த டீசல். உருளையில் இருப்பதோ, வட்டத்தின் அடியில் நாண் வெட்டிய துண்டின் பரப்பை 2.00 மீட்டரால் பெருக்கியது. இரண்டையும் கூட்டினால் தோராயம் எதுவும் இல்லாத விடை கிடைக்கும்.

குச்சியில் 30 சென்டிமீட்டர் நனைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள் ஆரம் 59.5, மையத்திலிருந்து டீசல் மட்டம் 29.5 சென்டிமீட்டர் கீழே. வட்டத் துண்டின் பரப்பு 0.2200 சதுர மீட்டர், அதை 2.00 ஆல் பெருக்க 440 லிட்டர். கோளத்தின் கிண்ணப் பகுதி 140 லிட்டர். ஆக 580 லிட்டர். சுவரில் ஒட்டிய அட்டவணையோ 783 என்று காட்டும். இல்லாத இருநூறு லிட்டரும் இருப்பதாக நம்பி, மின்சாரம் போன இரவில் ஜெனரேட்டர் நின்றுபோனால், வாடவைத்த இலையும் உருளைகளில் அரைபடும் இலையும் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எக்செல் போன்ற விரிதாளில் முழு அட்டவணையையும் போட இந்த ஒரு வரி போதும். B1 இல் உள் ஆரம் 0.595, A2 இல் நனைந்த உயரம் மீட்டரில். விடை லிட்டரில் வரும். தொடக்கத்தில் 1000 க்கு அடுத்து நிற்கும் 2 என்பது உருளையின் நீளம்.

```
=1000*(2*($B$1^2*ACOS(($B$1-A2)/$B$1)-($B$1-A2)*SQRT(2*$B$1*A2-A2^2))+PI()*A2^2*(3*$B$1-A2)/3)
```

0.30 போட்டால் 580 வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது. 0.10 க்கு 107, 0.20 க்கு 313, சரி பாதி உயரமான 0.595 க்குச் சரி பாதியான 1,553 வரும். மேல் பாதிக்குத் தனியாகக் கணக்கிட வேண்டியதும் இல்லை. மேலே எத்தனை சென்டிமீட்டர் காலியாக இருக்கிறதோ அந்த உயரத்துக்கு உரிய லிட்டரை மொத்தத்தில் கழித்தால் போதும்.

தாளில் போட்ட கணக்கு டேங்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. டேங்கைச் சுத்தமாகக் காலி செய்திருக்கும் நாளில், 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை முழுதாக அதில் ஊற்றிக் குச்சியை விடுங்கள். அரைக்கோள முனையானால் 15 சென்டிமீட்டர் நனைய வேண்டும். 14 க்குக் கீழே நின்றால் முனைகள் நீள்வட்டமாக இருக்கலாம். 16, 17 என்று ஏறினால் அடியில் சேறோ பழைய தண்ணீரோ தங்கியிருக்கிறது, அல்லது டேங்க் குச்சி விடும் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

தவறான அட்டவணை வெறும் எண் பிழையோடு நிற்பதில்லை. குன்னூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், மாதக் கடைசியில் டேங்க் அடி தட்டும் நாட்களில் மட்டும் டீசல் கணக்கு இடித்தது. முதல் பாதியில் எந்தக் குறையும் இல்லை. இரவு ஷிப்டில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டவர்மேல் சந்தேகம் விழுந்து, அவர் வேலையை விட்டே போய்விட்டார். பிறகு ஒரு நாள் வேறு வேலையாகப் போனபோது சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரே வித்தியாசம். உங்கள் டேங்கை வைத்தே சொன்னால், குச்சி 20 இலிருந்து 10 க்கு இறங்கும்போது உண்மையில் எரிவது 206 லிட்டர். அந்த மாதிரி அட்டவணை 261 என்று எழுதும். 55 லிட்டர் ‘காணாமல்’ போகும். நடுப்பகுதியில் ஒரு சென்டிமீட்டருக்கு 35 லிட்டர் இருக்க, அட்டவணை 26 தான் எழுதும். அங்கே டீசல் மிச்சமானது போலத் தெரியும். மிச்சத்தை யாரும் விசாரிப்பதில்லை.

மலையில் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்ளும். ஒன்று சாய்வு. மழைக்காலத்தில் ஒரு தாங்கியின் அடி மண் இறங்கினால் டேங்க் ஒரு பக்கம் சாயும். குச்சி விடும் துவாரம் நீளத்தின் நடுவில் இருந்தால் பெரும்பாலும் பாதிப்பில்லை. ஒரு பக்கம் கூடியது மறுபக்கம் குறைந்துவிடும். துவாரம் நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்து, டேங்க் 50 க்கு 1 என்ற அளவில் சாய்ந்திருந்தால், குச்சியில் 2 சென்டிமீட்டர் பிசகும். பாதி டேங்கில் அது 70 லிட்டர். தண்ணீர் மட்டக் குழாயை இரண்டு வெல்டிங் தடங்களின் உச்சியிலும் வைத்துப் பார்த்தால் சாய்வு தெரியும்.

மற்றொன்று குளிர். டீசல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.08 சதவீதம் சுருங்கும். சமவெளியில் 32 டிகிரியில் ஏற்றிய 2,500 லிட்டர் இங்கே வந்து 14 டிகிரிக்கு ஆறினால் 36 லிட்டர் குறைந்து காணப்படும். பாதி டேங்கில் குச்சியில் ஒரு சென்டிமீட்டர். லாரிக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் இதைக் கழித்துக்கொள்ளுங்கள். இறக்கிய உடனே ஒரு முறையும் மறுநாள் காலையில் ஒரு முறையும் குச்சி விட்டு, இரண்டையும் வெப்பநிலையோடு பதிவேட்டில் எழுதி வைப்பது நல்லது.

அட்டவணை தயாரானதும் அதைச் சுவரில் ஒட்டுவதைவிட, பித்தளைக் குச்சியிலேயே 100 லிட்டருக்கு ஒரு வெட்டாக அரத்தால் கீறச் சொல்லுங்கள். முதல் வெட்டு அடியிலிருந்து ஒன்பதரை சென்டிமீட்டரில் விழும். நடுவில் வெட்டுகள் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நெருங்கி நிற்கும். மேலே போகப் போக மறுபடியும் அகலும். அப்படி அகலாமல் எல்லா வெட்டும் ஒரே இடைவெளியில் இருக்கும் குச்சியை யாராவது கொண்டுவந்து கொடுத்தால், அது படுக்கை டேங்குக்கு வெட்டியது அல்ல என்று பார்த்தவுடனேயே திருப்பி அனுப்பிவிடலாம்.